பதினெட்டு லட்சம் யாருக்கு, எப்போது? ஓர் இளம் குடும்பத்தின் டெர்ம் – எண்டோவ்மென்ட் முடிவு

நான் கோவையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கணக்கு எழுத வருகிறவர்கள் பையில் பாலிசி பாண்டும் வரும், அதைப் பற்றிய கேள்வியும் வரும். எந்த நிறுவனத்திடமிருந்தும் கமிஷன் வாங்குவதில்லை என்பதால் கொஞ்சம் நம்பிக் கேட்பார்கள். கீழே எழுதியிருப்பது அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்களிடம் அனுமதி வாங்கியே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளைக் கணக்கு புரியும்படி முழுமையாக்கியிருக்கிறேன்.

## பின்னணி

2023 மே மாதம். கணவருக்கு வயது 31, பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவிக்கு 27. குழந்தை பிறப்பதற்கு முன் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், அப்போது வீட்டில் இருந்தார். மகளுக்கு இரண்டு வயது. கணவரின் அம்மாவும் உடன் இருந்தார்.

கைக்கு வரும் சம்பளம் மாதம் 49,000. வீட்டுக் கடன் தவணை 15,300, கடன் பாக்கி 16 லட்சத்துச் சொச்சம். வீட்டுச் செலவு 24,000 ஒட்டி. மீதி 9,700 ரூபாய். பிறகு அறிந்த ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கணவர் தன் அண்ணனின் கிரில் பட்டறைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு காப்பீடு. 2020 பிப்ரவரியில், திருமணமான சில மாதங்களில், கணவரின் தாய்மாமா எடுத்துக் கொடுத்த, காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோவ்மென்ட் பாலிசி. காப்பீட்டுத் தொகை 10 லட்சம், காலம் 20 ஆண்டு, வருட பிரீமியம் ஜி.எஸ்.டி. இல்லாமல் 49,000, சேர்த்தால் 50,100. நான்கு தவணை கட்டியாகிவிட்டது. வங்கிச் சேமிப்பில் 38,000 இருந்தது.

அந்த மாதம் மாமா இன்னொரு திட்டத்தோடு வந்தார். பேத்தியின் படிப்புக்கென்று 18 ஆண்டு எண்டோவ்மென்ட், வருடம் 60,000. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று மனைவிதான் சொல்லியிருக்கிறார்.

## முதல் சந்திப்பில் தெரிந்தது

பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்த பாண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் படிந்து இருந்தது. மூன்று ஆண்டுக்கு மேலாகியும் அதை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. படிக்கச் சொல்லி மனைவியிடமே கொடுத்தேன். அட்டவணைப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"அண்ணா, இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா பதினெட்டு லட்சம் வரும்னுதானே மாமா சொன்னாங்க? இங்க பத்துன்னு போட்டிருக்கே?"

மாமா பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன 18 லட்சம், 20 ஆண்டு முழுக்கக் கட்டி, 2040 பிப்ரவரியில் கணவர் உயிரோடு இருந்தால் முதிர்வில் வரக்கூடிய தொகை. காப்பீட்டுத் தொகை 10 லட்சம், அதோடு ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் வருடா வருடம் சேரும் போனஸ் 20 ஆண்டுக்கு 8 லட்சம். அந்தப் போனஸும் உறுதியானதல்ல, நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பது. நான் கணக்குப் போட்ட அன்று கணவர் இறந்திருந்தால் வந்திருக்கக்கூடியது 10 லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும். மொத்தம் 11 லட்சத்துச் சொச்சம்.

வீட்டுக் கடன் மட்டும் 16 லட்சம் என்பதைச் சொன்னதும் கணவர் பேசாமல் இருந்தார். அந்தப் பணம் வந்தால் வங்கிக்கே போதாது. கைக்குழந்தையோடும் மாமியாரோடும் மனைவிக்கு ஒரு ரூபாய் மிஞ்சாது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் நிம்மதியாக இருந்தது ஓர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான். முதிர்வில் வருவதை இறப்பில் வருவதாக நினைக்கும் இந்தக் குழப்பத்தை அதற்குப் பிறகு வேறு பல வீடுகளிலும் பார்த்துவிட்டேன். பாண்டைப் பிரித்து "இன்று இறந்தால் எவ்வளவு" என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

## எவ்வளவு காப்பீடு தேவை

சம்பளத்தைப் போல இத்தனை மடங்கு என்ற கணக்கை நான் போடுவதில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன செலவு நிற்கும், என்ன செலவு தொடரும் என்று மூவரும் உட்கார்ந்து எழுதினோம். மாதச் செலவு 24,000இல் அவருடைய பெட்ரோல், செல்போன், வெளிச்சாப்பாடு 4,000. அதைக் கழித்தால் 20,000, வருடத்துக்கு 2.4 லட்சம். மகள் படித்து முடித்து வேலைக்குப் போய், அம்மா, மாமியார் எல்லோருக்கும் வழி தெரியும்வரை 25 ஆண்டு என்று வைத்தோம். வரும் பணத்தை வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டி விலைவாசி ஏற்றத்துக்குச் சரியாகப் போய்விடும் என்று எடுத்துக்கொண்டால் 60 லட்சம் வேண்டும். கடனுக்கு 16 லட்சம். மகளின் மேற்படிப்புக்கு இன்றைய விலையில் 12 லட்சம். மொத்தம் 88 லட்சம்.

மனைவி மறுபடி வேலைக்குப் போகலாம், அப்போது தேவை குறையும். இன்னொரு குழந்தை பிறக்கலாம், அப்போது கூடும். இரண்டையும் யோசித்து ஒரு கோடி என்று முடிவு செய்தோம். தொழிற்சாலை வேலையால் வரும் பி.எஃப். சார்ந்த காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் வரை தரும். வேலை போனால் அதுவும் போய்விடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்டோவ்மென்ட் வழியாகவே ஒரு கோடிக்குப் போக முடியுமா என்று கணவர் கேட்டார். அதே விகிதத்தில் வருட பிரீமியம் 5 லட்சம் ஆகும். அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 60 வயதுக்குள் இறந்தால் மட்டும் ஒரு கோடி தரும் டெர்ம் பாலிசிக்கு அப்போது கிடைத்த விலை வருடம் 12,000, அன்றிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 14,160.

"உயிரோட இருந்தா கட்டின காசு திரும்ப வராதாமே" என்பது கணவரின் அம்மாவின் கவலை. நியாயமான கேள்விதான். கட்டிய பணம் திரும்பி வரும் டெர்ம் திட்டத்துக்கும் விலை கேட்டோம்: 22,000, வரியோடு 25,960. கூடுதலாகக் கட்டும் 11,800 ரூபாயை 29 ஆண்டு கட்டி, கடைசியில் 6,38,000 வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் பணத்துக்கு 4 சதவீத வட்டிகூட வரவில்லை. சேமிப்புக் கணக்கைவிடச் சற்று மேல், அவ்வளவுதான். சாதாரண டெர்ம் போதும் என்று அம்மாவே ஒப்புக்கொண்டார்.

## புதிய திட்டத்தை ஏன் மறுத்தோம்

மாமா கொண்டு வந்த 60,000 திட்டம் மாதத்துக்கு 5,000. பழைய பிரீமியத்துக்கு மாதம் 4,175 ஒதுக்கினால் மீதி இருப்பதே 5,500தான். இரண்டும் சேர்ந்தால் அவசரத்துக்கு ஒரு பைசா மிஞ்சாது. தொடக்கத்திலேயே ஒரு தவணை தவறினால் புதிய பாலிசி காலாவதியாகும் நிலை.

வரி மிச்சமாகும் என்பது மாமாவின் முக்கிய வாதம். அவருடைய ஆண்டுச் சம்பளம் 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2023-24 நிதியாண்டில் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 50,000 சேர்த்து ஏழரை லட்சம் வரை வரியே இல்லாமல் இருந்தது. மிச்சப்படுத்த வரி இருந்தால்தானே. இதை மாமாவுக்கு நேரில் விளக்கினேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, அவர் பெயரிலேயே ஐந்தாறு எண்டோவ்மென்ட் வைத்திருக்கிறார். அதுதான் சேமிப்பு என்று முழுதாக நம்புகிறவர். ஆனால் எண்டோவ்மென்ட்டில் முதல் ஆண்டு பிரீமியத்தில் கால் பங்கு அளவுக்குக் கமிஷன் போகும் என்பதும் உண்மை, டெர்மில் பிரீமியமே சின்னது என்பதால் கமிஷனும் சின்னது. விற்கிறவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

## பழைய பாலிசியை என்ன செய்வது

அதிக நேரம் எடுத்தது இதுதான். டெர்ம் எடுத்துவிட்டு எண்டோவ்மென்ட்டை உடனே சரண்டர் செய் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் கணக்கைத் தொடங்கினேன். கணக்கு வேறு மாதிரி வந்தது.

அடுத்த தவணை 2024 பிப்ரவரியில். அதுவரை வழி மூன்று. தொடர்ந்து கட்டுவது, கட்டுவதை நிறுத்தி பெய்ட்-அப் ஆக விடுவது, சரண்டர் செய்து பணத்தை எடுப்பது. கிளையில் எழுத்தாகக் கேட்டு வாங்கிய சரண்டர் தொகை 1,08,000. கட்டியதோ வரியோடு இரண்டு லட்சம். கிட்டத்தட்டப் பாதி போய்விடும் என்று கேட்டதும் கணவர் முகம் மாறியது.

பெய்ட்-அப் ஆக விட்டால், 20 தவணையில் 4 கட்டியதால் காப்பீட்டுத் தொகை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்: 2 லட்சம். நான்கு ஆண்டு போனஸ் 1.6 லட்சம் அதோடு நிற்கும். புதிதாகப் போனஸ் சேராது. 2040இல் 3.6 லட்சம் வரும், இடையில் அவர் இறந்தாலும் அதே தொகை வரும்.

எந்த வழி நல்லது என்று பார்க்க ஒரு விரிதாள் போதும்:

```
=RATE(20,-50100,0,1800000,1)
=RATE(16,-50100,0,1440000,1)
=RATE(16,0,-108000,360000)
```

முதல் வரி, 2020இல் தொடங்கியதிலிருந்து 20 தவணையும் கட்டி 18 லட்சம் வாங்கினால் வரும் ஆண்டு வட்டி. விடை 5.3 சதவீதம். எண்டோவ்மென்ட் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் எண் இதுதான். ஆனால் இது 2020இல் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கான விடை. நான்கு தவணை கட்டி முடித்தவருக்கு இது உதவாது, அந்தப் பணம் போய்விட்டது.

இரண்டாவது வரிதான் அவருடைய கேள்வி. இனிக் கட்டப்போகும் 16 தவணைக்கு ஈடாக, பெய்ட்-அப் தொகையான 3.6 லட்சத்துக்கு மேல் 14.4 லட்சம் கூடுதலாக வரும். இந்தப் புதுப் பணத்துக்கு வட்டி 6.6 சதவீதம். முதல் சில ஆண்டுகளின் செலவும் கமிஷனும் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டதால் மீதிக் காலத்தின் வட்டி கூடித் தெரிகிறது. மோசம் என்று தூக்கி எறியக்கூடிய எண் அல்ல. அப்போது பி.பி.எஃப். வட்டி 7.1 சதவீதம், செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 8 சதவீதம். இந்தப் பாலிசி பத்தாண்டைத் தாண்டியிருந்தால் தொடரச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வரிதான் என்னை நிறுத்திவைத்தது. இன்று 1,08,000 எடுக்காமல் விட்டால் 16 ஆண்டு கழித்து 3,60,000. அதற்கு வட்டி 7.8 சதவீதம். அதாவது சரண்டர் செய்த பணத்தை வேறெங்காவது போட்டு, இடையில் தொடாமல் வைத்திருந்து, வருடம் 7.8 சதவீதத்துக்கு மேல் ஈட்டினால்தான் சரண்டர் லாபம். சேர்ந்த போனஸ் அந்தத் தொகையில் கணிசமான பங்கு என்பதும், சரண்டரில் அந்தப் போனஸ் கடுமையாக வெட்டப்படுகிறது என்பதும்தான் காரணம். இந்தக் குடும்பத்தில் ஒரு லட்சம் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பட்டறைக்குப் போயிரும்" என்றார் மனைவி. கணவர் மறுக்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சரண்டர் செய்தால் செய்ததுதான். பெய்ட்-அப் ஆன பாலிசியை, கட்டாத முதல் தவணையிலிருந்து 5 ஆண்டுக்குள் வட்டியோடு கட்டி மறுபடி உயிர்ப்பிக்கலாம், நிறுவனம் உடல்நலச் சான்று கேட்கக்கூடும். தவறு செய்துவிட்டோமோ என்ற பயத்தில் இருப்பவர்களுக்குத் திரும்பும் வழி ஒன்று திறந்திருப்பது பெரிய ஆறுதல்.

6.6 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அந்த 50,100 ரூபாய்தான் டெர்ம் பிரீமியத்துக்கும் அவசர நிதிக்கும் மகள் சேமிப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும். வேறு பணம் இல்லை. அதனால் முடிவு: டெர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு எண்டோவ்மென்ட்டை பெய்ட்-அப் ஆக விடுவது.

"கைக்கு வந்த பிறகு" என்பதை இரண்டு தடவை சொன்னேன். விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் பழையதை நிறுத்திவிட்டு, மருத்துவப் பரிசோதனையில் புதியது மறுக்கப்பட்டால் இருந்த 10 லட்சமும் இல்லாமல் போகும்.

## விண்ணப்பத்தில் நடந்தது

2023 ஜூலையில் டெர்முக்கு விண்ணப்பித்தார்கள். நிறுவனத்தின் சார்பில் போனில் பேசியவரே கேள்விகளைக் கேட்டுப் படிவத்தை நிரப்பினார். கடந்த 5 ஆண்டில் மருத்துவமனையில் தங்கியதுண்டா என்ற கேள்விக்கு, 2021இல் டெங்குவுக்கு நான்கு நாள் இருந்தேன் என்று கணவர் சொல்லியிருக்கிறார். "டெங்குதானே சார், அதெல்லாம் போட வேண்டாம், ப்ராசஸ் லேட் ஆகும்" என்று பதில்.

நிரப்பிய படிவத்தின் நகல் மின்னஞ்சலில் வந்தது. ஒவ்வொரு வரியையும் படிக்கும்படி மனைவியிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கேள்விக்கு எதிரே "இல்லை" என்று இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்ற விவரமும் விடுபட்டிருந்தது. இருக்கும் எண்டோவ்மென்ட் பாலிசி பற்றிய இடம் காலியாக இருந்தது. மூன்றையும் திருத்தி எழுத்தாக அனுப்பினார்கள்.

டெங்குவுக்காக எந்த நிறுவனமும் பிரீமியத்தை ஏற்றப்போவதில்லை. ஆனால் காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு வரை, தவறான தகவல் கொடுத்தார் என்ற காரணத்தால் நிறுவனம் கேள்வி எழுப்பலாம். மூன்று ஆண்டுக்குப் பிறகு எந்தக் காரணத்தைக் கொண்டும் எழுப்ப முடியாது. அந்த மூன்று ஆண்டுக்குள் இழப்பு நேர்ந்தால், இறந்தவர் போனில் உண்மையைச் சொன்னார் என்று சொல்ல ஆளிருக்காது. படிவத்தில் உள்ள "இல்லை" மட்டும்தான் இருக்கும்.

மருத்துவப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 வந்தது. சர்க்கரை நோய் இல்லை, அதன் வாசல். உடல் எடையும் அதிகம். பிரீமியத்தை 25 சதவீதம் ஏற்றி 15,000 என்று நிறுவனம் பதில் அனுப்பியது, வரியோடு 17,700. வேறு நிறுவனத்தில் முயலலாமா என்று கணவர் கேட்டார். முயலலாம், ஆனால் அடுத்த படிவத்தில் "ஏற்கெனவே கூடுதல் பிரீமியம் கேட்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். வருடம் 3,540 ரூபாய்க்காக இன்னும் இரண்டு மாதம் காப்பீடு இல்லாமல் இருப்பதை நான் விரும்பவில்லை. ஏற்றுக்கொண்டார். ஆகஸ்டில் பாலிசி வந்தது.

விண்ணப்பத்தின்போதே செய்த இன்னொன்று, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசியை எழுதியது. 1874இல் வந்த சட்டம். இந்துக்களின் பாலிசிகளுக்கு இது சென்னை மாகாணத்தில்தான் முதலில், 1913 டிசம்பருக்குப் பிறகு எடுத்தவற்றுக்கு, பொருந்தியது. நாட்டின் பிற பகுதிகளுக்கு 1923இல்தான். இதன்படி எழுதினால் அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைச் சொத்தாகும், கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. வீட்டுக் கடனுக்கு ஒரு தொகையை நாங்களே ஒதுக்கியிருந்தோம். அண்ணனின் பட்டறைக் கடனுக்கு ஒதுக்கவில்லை, அதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு. விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும், பாலிசி வந்த பிறகு சேர்க்க முடியாது. படிவத்தில் மனைவிக்கு 60, மகளுக்கு 40 சதவீதம் என்று பெயர் போட்டு எழுதினோம்.

## பிறகு

பிப்ரவரித் தவணை வரை எண்டோவ்மென்ட்டுக்குக் கட்ட வேண்டியது எதுவும் இல்லாததால் மாத மீதி 9,700 முழுதும் கையில் இருந்தது. தபால் நிலையத்தில் மகள் பெயரில் செல்வமகள் கணக்குத் தொடங்கி மாதம் 2,500. வட்டி 8 சதவீதமாகவே நின்றால், 15 ஆண்டு கட்டும்போது, அதாவது மகளுக்கு 17 வயதில், எட்டரை லட்சம் அளவு சேரும். அந்த வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். 18 வயதில் படிப்புக்காகப் பாதி எடுக்கலாம். டெர்ம் பிரீமியம் போக மிச்சமெல்லாம் அவசர நிதிக்கு. 2024 பிப்ரவரியில் அது 85,000ஐத் தொட்டது.

அந்த மாதம் எண்டோவ்மென்ட் தவணை கட்டவில்லை. மாமாவிடம் போய்ச் சொன்னது கணவரே. மாமாவுக்கு மனவருத்தம், இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு வந்தார். போகும்போது டெர்ம் பாலிசி எந்த நிறுவனம், எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு போனாராம்.

2024 நவம்பரில் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து இரண்டு மாதம் பாதிச் சம்பளம். அவசர நிதியிலிருந்து 45,000 எடுத்தார்கள். கடன் தவணை ஒன்றும் தவறவில்லை. அடுத்து வந்த சில மாதங்களில் பழைய பிரீமியமும் மாமாவின் புதுத் திட்டமும் இருந்திருந்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்ட வேண்டியிருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. 2026 ஆகஸ்டில் அவர் கட்ட வேண்டியது 15,000 மட்டும்.

## மாற்றிச் செய்ய வேண்டியது

2025 ஜூனில் மகன் பிறந்தான். அப்போதுதான் என் தவறு தெரிந்தது. சொத்துச் சட்டத்தின் கீழ் எழுதிய பாலிசியில் பயனாளிகளைப் பிறகு மாற்ற முடியாது. மகளின் பெயரைப் போட்டதால் மகன் அதில் இல்லை. இன்னொரு குழந்தை பிறக்கலாம் என்று தொகையைக் கணக்கிடும்போது யோசித்த நான், பெயர் எழுதும்போது யோசிக்கவில்லை. முழுப் பங்கையும் மனைவிக்கே எழுதியிருக்கலாம், அல்லது பெயர் குறிப்பிடாமல் "பிள்ளைகள்" என்று எழுத முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கலாம். இப்போது இளம் தம்பதிகள் வந்தால் முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

மருத்துவக் காப்பீட்டையும் முதலில் பார்த்திருக்க வேண்டும். தொழிற்சாலை தரும் குழுக் காப்பீடு போதும் என்று விட்டுவிட்டோம். சர்க்கரை அளவு எல்லையில் இருப்பவருக்கு அதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. இந்த ஆண்டுதான் குடும்பத்துக்கென்று தனியாக எடுத்திருக்கிறார்கள்.

எண்டோவ்மென்ட் முடிவை மாற்ற மாட்டேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் அதே பதில் சொல்ல மாட்டேன். ஏழெட்டுத் தவணை கட்டியவர், கையில் பணம் நிற்காதவர், டெர்ம் பிரீமியத்தை வேறு வருமானத்தில் கட்ட முடிந்தவர் என்றால் தொடர்வதே சரியாக இருக்கலாம். அந்த மூன்று வரிக் கணக்கை அவரவர் எண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் விற்கப்படும் பாலிசிகளுக்குச் சரண்டர் விதி மாறி, ஓராண்டு பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே தொகை தர வேண்டும் என்றாகிவிட்டது. புதிய பாலிசி வைத்திருப்பவர்களுக்கு விடை வேறாக வரலாம்.

மகனுக்காக 2025 நவம்பரில் 25 லட்சத்துக்குத் தனியே ஒரு டெர்ம் பாலிசி எடுத்தார்கள், அவனை மட்டும் பயனாளியாகப் போட்டு. வருடம் 6,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். சின்னத் தொகைக்கு விகிதத்தில் விலை அதிகம் என்பதை ஏற்றுக்கொண்டே எடுத்தார்கள். இந்தத் தடவை படிவத்தை மனைவியே நிரப்பினார். டெங்கு, சர்க்கரை அளவு, முன்பு ஏற்றப்பட்ட பிரீமியம், பெய்ட்-அப் ஆன பாலிசி எல்லாம் எழுதி, அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினார். திருத்த ஒன்றும் இல்லை.